அச்சு இயந்திரத்தின் விளைவுகள்: நான்கு தலைப்புகளில் குறிப்பெடுப்பது எப்படி?

"அச்சு இயந்திரத்தின் விளைவுகளைச் சமூகம், பொருளாதாரம், அரசியல், சமயம் என்று பிரித்து எழுதுக." இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் எடுத்து வைத்திருக்கும் குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்தை நான்காகக் கோடு போட்டிருப்பார்கள். சமயக் கட்டத்தில் ஜெர்மன் சமயச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூதர் நிரம்பி வழிவார். பொருளாதாரத்தில் "புத்தகங்கள் மலிவாயின" என்று ஒரே வரி. அரசியலில் "மக்களுக்கு விழிப்புணர்வு ஏற்பட்டது". மிச்சம் மீதி எல்லாம் சமூகக் கட்டத்துக்குள் போய் அடைந்திருக்கும்.

படித்தது போதாமல் இப்படி ஆவதில்லை. கட்டத்தை முதலில் போட்டுவிட்டு அதை நிரப்பப் பார்ப்பதால்தான் இப்படி ஆகிறது. கட்டம் கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை, நான் வகுப்பில் செய்து காட்டும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: இடத்துக்கும் காலத்துக்கும் எல்லை போடுங்கள்

"அச்சு இயந்திரம்" என்று பொதுவாக எடுத்தால் சீனாவின் மரக்கட்டை அச்சில் தொடங்கி, கொரியாவில் 1377இல் உலோக எழுத்துகளால் அச்சான பௌத்த நூல் வழியாகப் பிரெஞ்சுப் புரட்சி வரை ஓட வேண்டியிருக்கும். அவ்வளவு நீளத்தில் எந்த விளைவையும் காரணத்தோடு காட்ட முடியாது.

நான் ஜெர்மன் பேசும் நிலங்களையும், 1450க்கும் 1560க்கும் இடைப்பட்ட காலத்தையும் எடுத்துக்கொள்கிறேன். மைன்ஸ் நகரில் யோகன்னஸ் குட்டன்பர்க் பக்கத்துக்கு 42 வரி கொண்ட பைபிளை அச்சிட்டு முடித்தது 1455 வாக்கில். போப் நான்காம் பால் காலத்தில் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ரோமிலிருந்து வந்தது 1559இல். இந்த நூறு வருடத்துக்குள் நான்கு தலைப்புக்கும் வலுவான சான்று கிடைக்கிறது. கொரியா, சீனா பற்றி ஒரே ஒரு பின்னணி வரி எழுதி வைத்துக்கொண்டால் போதும். அதை விளைவுகளின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 2: ஒரு விளைவுக்கு ஓர் அட்டை

அஞ்சலட்டை அளவில் 20 அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் பிறகு இடம் மாற்ற முடியாது. இந்த வேலையில் பாதி இடம் மாற்றுவதுதான்.

ஒவ்வொரு அட்டையிலும் நான்கு செய்திகள் வேண்டும்: முன்பு எப்படி இருந்தது, அச்சின் எந்தத் தன்மை அதைத் தொட்டது, பிறகு என்ன ஆனது, யாருக்கு ஆனது. இதில் இரண்டாவதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. அச்சின் தன்மை என்று நான் சொல்வது வேகம், எண்ணிக்கை, எல்லாப் படிகளும் ஒரே மாதிரி இருப்பது, முதலிலேயே பெரும் பணம் முடங்குவது போன்றவற்றை. இதில் எதுவும் அட்டையில் இல்லையென்றால் நீங்கள் எழுதியது அந்தக் காலத்து வரலாறாக இருக்கலாம், அச்சின் விளைவாக இருக்காது.

பிள்ளைகள் எழுதும் முதல் அட்டை பெரும்பாலும் இதுதான்: "1517இல் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டார்." இது நிகழ்ச்சி. இதை விளைவாக மாற்றிப் பார்ப்போம். அந்தக் கருத்துரைகள் லத்தீனில், பல்கலைக்கழக விவாதத்துக்காக எழுதப்பட்டவை. முன்பு இப்படிப்பட்ட விவாதம் அந்த ஊர் அறிஞர்களோடு முடிந்துபோகும். 1517 முடிவதற்குள் நூரம்பெர்க், லைப்சிக், பாசல் நகரங்களில் இவை அச்சாகிவிட்டன. 1518இல் லூதர், திருச்சபை பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த பாவமன்னிப்புச் சீட்டு பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அது ஊர் ஊராக மறுபதிப்பானது. ஆக அட்டை இப்படி மாறும்: "அறிஞர்களுக்குள் நடந்த சமய விவாதம், குறைந்த பக்கத்தில் வேகமாக அச்சாகும் பிரசுரத்தின் வழியாக, ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த சாதாரண நகரவாசிகள் பங்கெடுக்கும் விவாதமானது." இதில் முன்பு, தன்மை, பின்பு, யாருக்கு என்ற நான்கும் இருக்கின்றன.

பிரசுரம் ஏன் வேகமானது என்பதையும் அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு இதழ், எட்டுப் பக்கம். எழுத்துக் கோத்து, அச்சிட்டு, சில நாளில் விற்பனைக்கு வந்துவிடும். போட்ட பணமும் அதே வாரம் திரும்பத் தொடங்கும். பைபிள் போன்ற பெரிய நூலில் பணம் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் ஏன் 1520களில் ஜெர்மனி முழுவதும் பிரசுரமாகக் கொட்டியது என்பது விளங்கும்.

படி 3: அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?

அட்டைகள் பத்துப் பதினைந்து சேர்ந்ததும், ஒவ்வொன்றிலும் அம்புக்குறி அச்சிலிருந்து வெளியே போகிறதா என்று பாருங்கள். சில செய்திகளில் அம்பு திரும்பி இருக்கும்.

1462இல் மைன்ஸ் நகரின் பேராயர் பதவிக்கு இருவர் போட்டியிட்டார்கள். அவர்களில் ஒருவரான நாசாவின் அடால்ஃப், படையோடு வந்து நகரைச் சூறையாடினார். அச்சுத் தொழில் தெரிந்தவர்கள் பலர் வெளியேற, அந்தத் தொழில் வேறு ஊர்களில் பரவ அதுவும் ஒரு காரணமாயிற்று. இதை "அரசியல் விளைவு" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசியல் அச்சின் மீது ஏற்படுத்திய விளைவு இது. பின்னணி அட்டையாக ஓரமாக வையுங்கள்.

படி 4: தலைப்புக்கு ஒரு கேள்வி

இப்போதுதான் பிரிக்கத் தொடங்குகிறோம். யார் செய்தார் என்பதை வைத்துப் பிரிக்கக் கூடாது, எது மாறியது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். திருச்சபை என்ற சொல் வந்தாலே சமயம், அரசர் என்ற சொல் வந்தாலே அரசியல் என்று போட்டால் பாதி அட்டைகள் தப்பான இடத்துக்குப் போய்விடும்.

பொருளாதாரத்துக்கு நான் கேட்பது: யாருடைய பணம், வேலை, விலை, நஷ்ட பயம் மாறியது? அரசியலுக்கு: யார் யாருக்குக் கட்டளையிட முடிகிறது, யார் எதிர்க்க முடிகிறது என்பது மாறியதா? சமயத்துக்கு: எதை நம்புவது, எப்படி வழிபடுவது, வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில் மாற்றமா? சமூகத்துக்கு: யார் வாசிக்கிறார், யாரோடு சேர்ந்து, எந்த மொழியில், எதைப் பொது அறிவாக வைத்துக்கொள்கிறார் என்பதில் மாற்றமா?

ஒரு சின்னச் சோதனை. 1521இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தின் பெயரால் லூதரின் நூல்களை எரிக்கச் சொல்லி ஆணையிட்டார். இனி நூல்களை அச்சிடுமுன் அனுமதி வேண்டும் என்பதும் அதில் உண்டு. நூல்கள் சமயம் பற்றியவை. ஆனால் மாறியது அரசின் வேலை. அச்சகத்தைக் கண்காணிப்பது ஆட்சியின் பொறுப்புகளில் ஒன்றாகிவிட்டது. ஆகவே அரசியல். 1559இன் தடைப் பட்டியலைப் பாருங்கள். ஒரு கத்தோலிக்கர் எதை வாசித்தால் குற்றம் என்று திருச்சபையே பட்டியல் போட்டுச் சொல்கிறது. நம்பிக்கையாளரின் கடமை மாறுகிறது. ஆகவே சமயம். இரண்டும் தணிக்கைதான், போகும் கட்டம் வேறு.

படி 5: ஓர் அட்டை, பல வீடுகள்: பாவமன்னிப்புச் சீட்டு

சில செய்திகள் ஒரு கட்டத்துக்குள் அடங்காது. அவற்றை என்ன செய்வது? ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம்.

துருக்கியரிடமிருந்து சைப்ரஸைக் காக்கப் பணம் தருபவர்களுக்குப் போப் ஐந்தாம் நிக்கோலஸ் பாவமன்னிப்பு வழங்க அனுமதித்தார். அந்தச் சீட்டுகள் 1454, 1455இல் மைன்ஸில் அச்சாயின. நாள் குறிப்பிடப்பட்டு நமக்குக் கிடைக்கும் ஐரோப்பாவின் மிகப் பழைய அச்சுப் பிரதிகள் இவைதான். வாசகம் முழுவதும் அச்சில் இருக்கும். வாங்குபவரின் பெயருக்கும் தேதிக்கும் வெற்றிடம் விட்டிருப்பார்கள், அதைக் கையால் நிரப்ப வேண்டும். இன்று நாம் நிரப்பும் விண்ணப்பப் படிவத்தின் மூதாதை என்றே சொல்லலாம்.

இதை அட்டையில் எழுதும்போது, "திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டு விற்றது" என்று எழுதினால் அது அச்சின் விளைவல்ல. சீட்டு அச்சுக்கு முன்பே இருந்தது, கையால் எழுதிக் கொடுத்தார்கள். அச்சு செய்தது இரண்டு. முதலாவது, ஒவ்வொன்றாக எழுதிய சீட்டை ஒரே வாசகத்தில் குவியலாகத் தயாரிக்க முடிந்தது. அதனால் சீட்டு விற்பனையைப் பரவலாக நடத்துவது எளிதானது. வழிபாட்டு நடைமுறை மாறியதால் இதை சமயத்தில் வைக்கலாம். இரண்டாவது, அச்சகத்துக்கு விற்காமல் தேங்கும் பயமில்லாத வேலை கிடைத்தது. கொடுத்தவரே மொத்தமாக வாங்கிக்கொள்வார். இது பொருளாதாரம்.

ஆக ஒரு நிகழ்ச்சியிலிருந்து இரண்டு அட்டைகள். ஒரே அட்டையை இரண்டு கட்டத்திலும் திரும்ப எழுதாதீர்கள். விடையில் சொன்னதையே சொல்வது போல் ஆகிவிடும். தனித்தனி விளைவாக உடைத்து எழுதி, ஒன்றின் மூலையில் மற்றதன் எண்ணைக் குறியுங்கள். நான் "பொ3 → ச1" என்று எழுதுவேன். பொருளாதாரத்தில் மூன்றாவது அட்டையைச் சமயத்தில் முதலாவதோடு சேர்த்துப் பார் என்று அர்த்தம். சமூகத்துக்கும் சமயத்துக்கும் முதல் எழுத்து ஒன்றே என்பதால் சமூகத்துக்கு "சமூ" என்று போடுவது நல்லது.

இந்த அட்டை இன்னொரு தவறையும் தடுக்கும். அச்சு திருச்சபைக்கு எதிரான கருவி என்று எளிதாக எழுதிவிடுவோம். அதன் தொடக்கக்கால வாடிக்கையாளர்களில் திருச்சபையே முக்கியமானது. அறுபது வருடம் கழித்து அதே இயந்திரத்தில் அதே சீட்டுக்கு எதிரான பிரசுரம் வந்தது. சமயக் கட்டத்தில் இந்த இரண்டு அட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 6: பொருளாதாரக் கட்டத்தை "மலிவு" என்ற சொல்லிலிருந்து விடுவியுங்கள்

விலை குறைந்தது உண்மை. ஆனால் அது மட்டும் போதாது. குட்டன்பர்க்கின் கதையே நல்ல பொருளாதார அட்டை. யோகன் ஃபுஸ்ட் என்பவர் 800 கில்டர் கடன் கொடுத்தார், பிறகு இன்னொரு 800 போட்டார். 1455இல் வழக்கு வந்தது, குட்டன்பர்க் தோற்றார். அச்சகத்தை ஃபுஸ்டும் பீட்டர் ஷோஃபரும் நடத்தினார்கள். நகலெழுத்தர் ஒரு நூலை எழுதத் தோலும் மையும் வாங்கினால் போதும், விற்க ஆளும் முன்பே தயாராக இருப்பார். அச்சிடுபவரோ உலோக எழுத்துக்கும் தாளுக்கும் கூலிக்கும் முன்கூட்டியே செலவழித்துவிட்டு, முகம் தெரியாத வாசகருக்காகக் காத்திருக்க வேண்டும். நூல் தொழில் முதலீட்டாளரின் தொழிலானது, இதுதான் விளைவு.

இதே ஷோஃபர் முன்பு பாரிஸில் கையெழுத்துப் படி எழுதியவர். "நகலெழுத்தர்கள் வேலை இழந்தார்கள்" என்று எழுதும் முன் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் அதே கைத்திறனோடு அச்சுக்குள் வந்தார்கள்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த சான்று லைப்சிக்கிலிருந்து வருகிறது. சாக்சனியின் ஒரு பகுதியை ஆண்ட கோமகன் ஜார்ஜ் உறுதியான கத்தோலிக்கர். தன் ஆட்சிக்குட்பட்ட லைப்சிக்கில் லூதரின் நூல்களை அச்சிடவும் விற்கவும் தடை போட்டார். 1524இல் அந்த நகரத்து அச்சகத்தார் நகர மன்றத்தின் வழியாக முறையிட்டார்கள். மக்கள் கேட்பதை விற்க முடியவில்லை, விற்க அனுமதி உள்ளதை யாரும் வாங்குவதில்லை, பிழைப்பே போய்விடும் என்பது அதன் சாரம். பக்கத்து விட்டன்பெர்க்கிலோ நிலைமை தலைகீழ். 1517இல் அங்கே ஒரே ஒரு அச்சகம்தான் இருந்தது. லூதரால் அந்தச் சிறிய ஊர் ஜெர்மனியின் பெரிய அச்சு மையங்களில் ஒன்றானது. லைப்சிக்கின் மெல்கியோர் லோட்டரே அங்கே கிளை திறந்தார்.

இது எந்தக் கட்டம்? காரணம் சமயம், செயல் அரசியல், விளைவு பொருளாதாரம். நம் கேள்வி "எது மாறியது" என்பதால் பொருளாதாரம். மூலையில் அரசியல், சமய அட்டைகளின் எண்கள். ஒரு மாணவர் இந்த அட்டையைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் அவருக்கு முறை பிடிபட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

படி 7: கடினமான ஒன்றை முழுதாகப் பிரித்துப் பாருங்கள்: பன்னிரண்டு கோரிக்கைகள்

1525 மார்ச் மாதம், தென் ஜெர்மனியின் மெமிங்கன் நகரில் விவசாயிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். பல கிராமங்களின் குறைகளைச் சுருக்கிப் பன்னிரண்டு கோரிக்கைகளாக எழுதினார்கள். எழுதியதில் முக்கியப் பங்கு செபாஸ்டியன் லோட்சர் என்ற தோல் ஆடைக் கைவினைஞருக்கு உண்டு. தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை, தசமபாக வரியில் மாற்றம், பண்ணையடிமை முறை ஒழிப்பு, வேட்டை, மீன், விறகு உரிமைகள், குத்தகை, நீதி, பொது நிலம் என்று அது போகும். பக்க ஓரத்தில் பைபிள் மேற்கோள் குறிப்புகள். சுமார் இரண்டே மாதத்தில் பல நகரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன.

இதை வகுப்பில் கொடுத்தால் எல்லோரும் ஒன்றுபோல் பிரிப்பார்கள்: போதகர் கோரிக்கை சமயம், தசமபாகம் பொருளாதாரம், நீதி அரசியல், பண்ணையடிமை சமூகம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தவறு. பிரித்தது கோரிக்கைகளின் உள்ளடக்கத்தை. தசமபாகச் சுமை அச்சினால் வந்ததில்லை, அதைப் பற்றிய முறையீடும் அச்சினால் வந்ததில்லை. கேள்வி கேட்பது அச்சின் விளைவை. ஓர் ஆவணம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதும், அது அச்சானதால் என்ன நடந்தது என்பதும் வேறு வேறு.

சரி, அச்சானதால் என்ன நடந்தது?

அரசியலில் நடந்ததுதான் பெரியது. அதற்கு முன் ஒவ்வொரு கிராமமும் தன் பிரபுவிடம் தன் குறையைத் தனியாகச் சொன்னது. ஒரே வாசகம் பல ஊர்களில் ஒரே நேரத்தில் கிடைத்ததும், வெவ்வேறு பிரபுக்களின் கீழ் இருந்தவர்கள் அதே பன்னிரண்டைத் தங்கள் கோரிக்கையாக முன்வைத்தார்கள். சில இடங்களில் உள்ளூருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். சிதறிய குறைகள் பொதுக் கோரிக்கைப் பட்டியலானது.

சமயத்தில்: வேத வசனத்தைச் சான்றாகக் காட்டி வாதிடுவது குருமாரின் வேலையாக இருந்தது. இங்கே ஒரு கைவினைஞர் தொகுத்து, விவசாயிகளின் பெயரில், பைபிள் மேற்கோள் குறிப்புகளோடு வெளியாகிறது. கடைசிக் கோரிக்கையே, இவற்றில் ஏதாவது வேதத்துக்கு மாறானது என்று காட்டினால் விட்டுவிடுகிறோம் என்பதுதான். 1522இல் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு அச்சில் வந்திருந்ததோடு இந்த அட்டையை இணையுங்கள்.

சமூகத்தில்: கிராமத்தில் வாசிக்கத் தெரிந்தவர் சிலரே. அவர் வாசிக்க, மற்றவர் கேட்டார்கள். அச்சின் வீச்சு எழுத்தறிவின் எல்லையோடு நிற்கவில்லை. "எழுத்தறிவு பெருகியது" என்ற பழகிய வரியைவிட இந்தக் காலத்துக்கு இதுவே பொருத்தமானது. எழுத்தறிவு மெதுவாகத்தான் ஏறியது, உரக்க வாசிப்பது உடனே வேலை செய்தது.

பொருளாதாரத்தில்: கொஞ்சம்தான். ஒரு நகரில் வந்த பதிப்பை இன்னொரு நகரத்து அச்சகம் கேட்காமலே மறுபதிப்பு செய்தது. ஜெர்மனி பல ஆட்சிகளாகப் பிரிந்திருந்ததால் தடுப்பாரில்லை. பிரசுரம் பரவியதற்கு இந்த மறுபதிப்பு வழக்கம் பெரிய காரணம். இந்த அட்டை சிறியதாக இருந்தால் இருக்கட்டும். நான்கு கட்டமும் சம உயரத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு வரம்பு அட்டை. 1525 மே 15 அன்று ஃபிராங்கன்ஹௌசனில் விவசாயிகள் படை நசுக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் அந்தப் போரில் மாண்டார்கள். லூதரும் கலகம் செய்த விவசாயிகளைக் கடுமையாகத் தாக்கி எழுதினார், அதுவும் அச்சில் பரவியது. கோரிக்கையைப் பரப்ப அச்சால் முடிந்தது, பிரபுக்களின் படையை நிறுத்த முடியவில்லை.

படி 8: சமூகக் கட்டத்தைக் குப்பைக்கூடை ஆக்காதீர்கள்

வேறெங்கும் போகாதது எல்லாம் இங்கே வந்து சேரும் என்பதால், இதை உள்ளே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: வாசிக்கும் பழக்கம், மொழி, அறிவு.

வாசிக்கும் பழக்கத்துக்கு மேலே சொன்ன உரக்க வாசிப்பு இருக்கிறது. அதோடு மரச்செதுக்குப் படங்கள். ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையிலிருந்து வந்த படங்கள் எழுத்துத் தெரியாதவருக்கும் விவாதத்தைக் கொண்டுபோயின.

மொழிக்கு லூதரின் ஜெர்மன். அவருடைய புதிய ஏற்பாட்டை எதிர்த்த கத்தோலிக்கரான எம்சர் 1527இல் மாற்றாக ஒன்றை வெளியிட்டபோது, பெருமளவு லூதரின் வாசகத்தையே திருத்திப் பயன்படுத்தினார். எதிரியும் அதே மொழியில் பேச வேண்டியிருந்தது என்பது, அந்த நடை எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று.

அறிவியலுக்குத் தனித் தலைப்பு இல்லையே என்று கேட்பார்கள். அறிவு என்ற உட்பிரிவில் வையுங்கள். கோப்பர்நிக்கஸின் நூல் 1543இல் நூரம்பெர்க்கில் அச்சானதை எல்லோரும் எழுதுவார்கள். அதைவிட எனக்கு, 1542இல் பாசலில் வந்த லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் மூலிகை நூல் நல்ல சான்றாகப் படுகிறது. அதில் 500க்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள். கையால் படியெடுக்கும்போது செடியின் படம் படிக்குப் படி உருமாறும், நாலாவது படியில் எந்த இலை என்றே தெரியாது. அச்சில் ஒவ்வொரு படியிலும் அதே இலை. தூரத்து ஊர்களில் இருக்கும் இரு மருத்துவர்கள் ஒரே படத்தை வைத்துப் பேச முடிந்தது. "எல்லாப் படிகளும் ஒரே மாதிரி" என்ற தன்மைக்கு இதைவிடத் தெளிவான அட்டை கிடைக்காது.

இதே உட்பிரிவில் ஒரு கறுப்பு அட்டையும் வேண்டும். சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வழி சொல்லும் ஒரு லத்தீன் நூல் 1486 வாக்கில் ஸ்பையர் நகரில் அச்சாகி, பல பதிப்புகள் கண்டது. உண்மையைப் பெருக்கிய அதே இயந்திரம் கொடிய பொய்யையும் பெருக்கியது.

படி 9: உடையக்கூடிய வரிகளைத் தட்டிப் பாருங்கள்

அட்டைகளைப் பிரித்து முடித்ததும் ஒவ்வொரு அட்டையையும் ஒரு கேள்வியால் தட்டுங்கள்: அச்சு இல்லாமலும் இது நடந்திருக்கிறதா? இரண்டு பிரபலமான வரிகள் இந்தத் தட்டலில் உடையும்.

முதலாவது, "லூதருக்கு முன் பைபிள் லத்தீனில் மட்டுமே இருந்தது." ஸ்ட்ராஸ்பர்க்கில் யோகன்னஸ் மென்டெலின் 1466இலேயே ஜெர்மன் பைபிளை அச்சிட்டுவிட்டார். லூதருக்கு முன் ஜெர்மன் மொழியில் 18 முழுப் பைபிள் பதிப்புகள் வந்தன. அப்படியானால் லூதருடையதில் என்ன புதிது? முந்தையவை லத்தீனிலிருந்து சொல்லுக்குச் சொல் போனவை. லூதர் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து, பேச்சுக்கு நெருங்கிய ஜெர்மனில் கொண்டுவந்தார். அது வந்தபோது பிரசுரங்கள் வாசகரை ஏற்கெனவே தயார் செய்திருந்தன. 1522 செப்டம்பரில் வந்த சுமார் 3000 படிகள் விற்று, டிசம்பரிலேயே அடுத்த பதிப்பு தேவைப்பட்டது. அட்டையை இப்படித் திருத்துங்கள்.

இரண்டாவது, "அச்சு இல்லையென்றால் சமயச் சீர்திருத்தம் இல்லை." லூதருக்கு முன்பே திருச்சபையைச் சீர்திருத்தக் குரல் கொடுத்த பொஹீமியாவின் யான் ஹுஸ் 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரிக்கப்பட்டார். அவரைப் பின்பற்றியோர் அச்சு இல்லாமலே பொஹீமியாவில் நிலைத்து நின்றார்கள். ஆனால் பெரும்பாலும் அந்த நிலப்பரப்போடு நின்றார்கள். ஆகவே "அச்சு உருவாக்கியது" என்பதற்குப் பதில் "வேகமாக, பல ஆட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுபோனது" என்று எழுதுங்கள்.

படி 10: இப்போது கட்டம் போடுங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்து அட்டைகளை அடுக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். வலுவானது மேலே, வரம்பு சொல்லும் அட்டை கீழே. பிறகு மூலை எண்களைப் பார்த்துப் பென்சிலால் கோடு இழுங்கள். லைப்சிக் அட்டையிலிருந்து அரசியலுக்கு ஒரு கோடு, பன்னிரண்டு கோரிக்கைகளிலிருந்து 1522 பைபிளுக்கு ஒரு கோடு என்று போகும். எந்தக் கோடும் தொடாத அட்டை ஒன்று இருந்தால், அதில் பெரும்பாலும் "தன்மை" விடுபட்டிருக்கும். இரண்டாம் படிக்குத் திரும்பி அதைத் திருத்துங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

ஐந்து மதிப்பெண் விடைக்குக் கட்டத்துக்கு ஒரு மேல் அட்டை. பெரிய கட்டுரையென்றால் கோடுகள் அதிகம் சேரும் அட்டையிலிருந்து தொடங்குங்கள். என் தாளில் அது எப்போதும் லைப்சிக் அல்லது மெமிங்கன்தான்.

அடுக்கும்போது நம் ஊர் அட்டைகளும் கையில் வந்து நிற்கும். 1578இல் கொல்லத்தில் ஏசு சபையைச் சேர்ந்த என்ரிக்கே என்ரிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கே அச்சகம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். லூதரின் விட்டன்பெர்க்கிலிருந்து தரங்கம்பாடிக்கு நேர்க்கோடு இழுக்கலாம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் நாம் போட்ட எல்லை 1560. இந்த இரண்டையும் வேறு உறையில் போட்டு, மேலே "தமிழ் அச்சு" என்று எழுதி வையுங்கள். அதற்கான நான்கு கட்டம் வேறு தாளில் வரும்.